முந்திரிகை வற்றலும் கடல்நீரும்

பாயசத்துக்கு இடும் முந்திரிகை வற்றலைக் கையில் எடுத்துப் பார்ப்போர் அதன் தோலில் உள்ள சுருக்கங்களைக் காண்பர். அதே வற்றலைக் குவளை நீரிற் போட்டு ஓர் இரவு வைத்தால், மறுநாட் காலையிற் சுருக்கங்கள் பெரும்பாலும் மறைந்து, பழம் பருத்துத் திரண்டிருக்கும். தோலில் எவரும் துளையிடவில்லை. ஆயினும் நீர் உள்ளே புகுந்துவிட்டது. சமையலறையில் நாள்தோறும் காணக்கூடிய இச்சிறு நிகழ்ச்சிக்கும், நடுக்கடலிற் படகு பழுதுற்று மிதப்பவன் சுற்றிலும் நீர் இருக்கவும் தாகத்தால் வாடுவதற்கும் ஒரே நியதியே காரணமாக உள்ளது. அந்நியதியை விஞ்ஞான நூல்கள் பிரசாரணம் என வழங்கும். சவ்வூடு பரவல் என்பாரும் உளர்.

பிரசாரணம் என்பது யாது? ஒரு கரைசலையும் தூய நீரையும், அல்லது செறிவு வேறுபட்ட இரு கரைசல்களையும், ஒரு மெல்லிய சவ்வு பிரித்து நிற்கின்றது என்று கொள்வோம். அச்சவ்வு நீரை எளிதில் ஊடுசெல்ல விடும். ஆனால் நீரிற் கரைந்துள்ள சீனியையோ உப்பையோ எளிதில் விடாது. இத்தகைய சவ்வின் வழியாக, கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கரைபொருள் மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்வதே பிரசாரணம் ஆகும்.

நீர் ஏன் அவ்வாறு செல்கின்றது? சீனி நீரைப் பிடித்து இழுக்கின்றது என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. நீரின் மூலக்கூறுகள் ஓயாது அசைந்துகொண்டே இருப்பன. சவ்வின் இரு பக்கத்திலிருந்தும் அவை மறுபக்கத்துக்குச் சென்றவண்ணம் உள்ளன. தூய நீர் உள்ள பக்கத்தில் தடையாக வேறொன்றும் இல்லாமையால் அங்கிருந்து கடப்பன மிகுதி. சீனி கலந்த பக்கத்தில் இடத்தின் ஒரு பகுதியைச் சீனியின் மூலக்கூறுகள் கொண்டிருத்தலால், அங்கிருந்து திரும்பி வரும் நீர் மூலக்கூறுகள் குறைவு. வரவும் செலவும் சமமாகாதபோது, மொத்தத்தில் நீர் சீனியுள்ள பக்கத்திலேயே சேர்கின்றது. சந்தைக்கு இரு வாயில்கள் இருந்து, ஒன்றால் நூறு பேர் நுழைய மற்றொன்றால் எண்பது பேர் வெளியேறினால், உள்ளே கூட்டம் பெருகுவதைப் போன்றது இது.

இந்நிகழ்ச்சியை முதன்முதல் கவனித்து எழுதிவைத்தவர் நொலே என்னும் பிரான்சு நாட்டுப் பாதிரியார். ஆண்டு 1748. மதுசாரம் நிறைந்த பாத்திரம் ஒன்றின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, அதனை நீருள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தின் பின் அத்தோல் மேல்நோக்கி உப்பி நிற்கக் கண்டார். ஊசியால் அதனைக் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீறிட்டெழுந்தது. வெளியிலிருந்த நீர் தோலை ஊடுருவி உட்சென்றதே அதற்குக் காரணம்.

நொலே செய்த சோதனையை முந்திரிகை வற்றலைக் கொண்டு எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். நூறு கிராம் புதிய முந்திரிகைப் பழத்தில் எண்பது கிராம் அளவு நீரே இருக்கும். வெயிலில் உலர்ந்து வற்றலாகும்போது நீர் நீங்கிவிடுகின்றது, சீனி நீங்குவதில்லை. ஆகவே நூறு கிராம் வற்றலில் நீர் ஏறத்தாழப் பதினைந்து கிராம் மாத்திரமே. சீனியோ அறுபது கிராமுக்கு மேல். வற்றலின் உள்ளே இருப்பது மிகச் செறிந்த சீனிப்பாணி என்றே கூறலாம்.

மூன்று குவளைகளை எடுத்துக்கொள்க. முதற் குவளையிற் கிணற்று நீர் அல்லது குழாய் நீர். இரண்டாவதில் ஒரு பங்கு நீருக்கு இரு பங்கு சீனி கரைத்துக் காய்ச்சி ஆறவைத்த தடித்த பாணி. மூன்றாவதிற் கடல்நீர்; கடல் தொலைவில் உள்ளோர் இருநூறு மில்லிலீற்றர் நீரில் ஏழு கிராம் உப்பை, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேலான உப்பை, கரைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் பத்துப் பத்து வற்றல்களை இட்டு, ஓர் இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். இடுமுன்னரும் எடுத்துத் துடைத்த பின்னரும் நிறுத்துப் பார்த்தால் மாற்றம் தெளிவாகும்.

முதற் குவளை வற்றல்கள் நன்கு பருத்திருக்கும். பாணியில் இட்டவை அவ்வாறு பருப்பதில்லை. வெளியிலும் உள்ளேயும் செறிவு பெரிதும் வேறுபடாமையே காரணம். முதற் குவளையில் ஊறிப் பருத்தவற்றை எடுத்து அப்பாணியில் இட்டால், அவை பல மணி நேரத்தில் மெல்ல மெல்ல நீரை இழந்து மீண்டும் சுருங்கத் தொடங்கும். நீர் ஒருவழிப் பாதையிற் செல்வதன்று. செறிவு எந்தப் பக்கத்தில் மிகுந்துள்ளதோ அந்தப் பக்கத்துக்குச் செல்வது என்பது இதனாற் புலனாகும்.

இனி, மூன்றாவது குவளையைப் பார்ப்போர் வியப்படையக்கூடும். கடல்நீரில் இட்ட வற்றலும் பருத்தே இருக்கும்! உப்பு நீர் எதனையும் சுருக்கிவிடும் என்று எதிர்பார்த்தோர்க்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் முரண் எதுவும் இல்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் உள்ள உப்புக்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம். அது நாவுக்கு மிகுதியாகத் தோன்றினும், வற்றலின் உள்ளே உள்ள சீனியின் செறிவுக்கு முன் மிகவும் குறைவானதே. வற்றலின் நிலையிற் பார்த்தால் கடல்நீரும் ஐதான நீர்தான். எனவே வற்றல் கடல்நீரைக் குடிக்கும். மனிதன் குடிக்க முடியாது. ஏனெனில் மனித உடலின் உள்ளே இருக்கும் நீர் வற்றலின் பாணியைப் போலச் செறிந்ததன்று.

சோதனை செய்வோர் இன்னொன்றையும் கவனிக்கலாம். முதற் குவளையிலுள்ள நீர் காலையிற் சிறிது பழுப்பு நிறமும் இனிப்பும் பெற்றிருக்கும். உலரும்போது வற்றலின் கலங்கள் இறந்து, அவற்றின் சவ்வுகள் சிதைந்துவிடுகின்றன. தோலே எஞ்சி நின்று சவ்வின் வேலையைக் குறைபாடாகச் செய்கின்றது. ஆதலாற் சீனியிற் சிறிது வெளியே கசிகின்றது. உலர்ந்த சதை நீரை உறிஞ்சுவதும் பருமனுக்கு ஓரளவு காரணமாகும். உயிருள்ள கலங்களின் சவ்வு இதனிலும் பன்மடங்கு திறமையுடையது. அதனைக் காண விரும்புவோர் புதிதாக அரிந்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை அதே மூன்றாவது குவளையில் இட்டுப் பார்க்கலாம். வற்றல் பருக்கும் அந்தக் கடல்நீரிலேயே உருளைக்கிழங்கு துவண்டு, வளைத்தால் முறியாது வளையும் நிலையை அடையும். அதன் கலங்களிலுள்ள சாறு கடல்நீரிலும் ஐதானது. ஆகவே நீர் வெளியேறிவிட்டது. மனித உடலின் கலங்கள் உருளைக்கிழங்கின் பக்கத்தைச் சேர்ந்தவையே அன்றி, வற்றலின் பக்கத்தைச் சேர்ந்தவை அல்ல.

மருத்துவமனையில் நோயாளரின் நாளத்தினுள் ஏற்றும் உப்புநீரில் ஒரு லீற்றருக்கு ஒன்பது கிராம் உப்பே கரைந்துள்ளது. அவ்வளவு ஏன் என்றால், குருதியின் செறிவுக்கு அது ஒத்ததாகும். தூய நீரைக் குருதியிற் பெருமளவாக நேரே கலந்தால் செங்குருதிக் கலங்கள் முதற் குவளை வற்றலைப் போலப் பருத்து, ஈற்றில் வெடித்துவிடும். செறிந்த உப்புநீரைக் கலந்தால் அவை சுருங்கும். குருதிக்கு ஒன்பது கிராம் உப்பு ஒத்ததாக, கடல்நீரில் முப்பத்தைந்து கிராம் இருக்கின்றது. அதாவது ஏறத்தாழ நான்கு மடங்கு.

கடல்நீரைக் குடித்த ஒருவரின் உடலினுள் நிகழ்வதைப் படிப்படியாக நோக்குவோம். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு லீற்றர் கடல்நீரைப் பருகினார் எனக் கொள்வோம். அவருடைய உடலில் ஏறத்தாழ முப்பத்தாறு லீற்றர் நீர் இருக்கும்; அதில் மூன்றில் இரு பங்கு கலங்களின் உள்ளேயும், எஞ்சியது குருதியிலும் கலங்களுக்கு வெளியேயும் உள்ளது.

பருகிய நீர் முதலிற் குடலை அடைகின்றது. குடலின் சுவருக்கு ஒரு பக்கத்திற் கடல்நீர்; மறுபக்கத்தில் அதனினும் ஐதான குருதி. பிரசாரண நியதிப்படி, குடலிலிருந்து குருதிக்கு நீர் செல்வதற்கு மாறாக, குருதியிலிருந்து குடலுக்குள் நீர் இறங்குகின்றது. கடல்நீரில் மகனீசிய உப்புக்களும் உள்ளன. அவை எளிதில் உறிஞ்சப்படாமற் குடலிலேயே தங்கி நீரையும் தங்கவைப்பன. பேதிமருந்தாகக் கொடுக்கப்படும் உப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆதலாற் கடல்நீரை மிகுதியாகக் குடித்தோருக்கு வயிற்றோட்டம் உண்டாகி, இருந்த நீரும் கழிவதுண்டு.

அடுத்து, கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டைக் குடல் மெல்ல மெல்ல உறிஞ்சிக் குருதியிற் சேர்க்கின்றது. அதனோடு நீரும் சேர்கின்றது. குருதியின் செறிவு கூடுகின்றது. செறிந்த குருதி ஒரு பக்கமும், ஐதான சாறு நிறைந்த கலங்கள் மறுபக்கமும் நிற்க, கலங்களிலிருந்து நீர் வெளியேறுகின்றது. உடல் முழுவதிலும் உள்ள கலங்கள் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. பருத்த பழம் வற்றலாவது போன்ற நிலை இதுவே.

தாகம் என்னும் உணர்வே இச்சுருக்கத்தினால் எழுவது. மூளையின் அடிப்பகுதியில், குருதியின் செறிவை அளந்தறியும் சிறப்பான கலங்கள் சில உள்ளன. குருதியின் செறிவு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கூடினாலும் அவை நீரை இழந்து சுருங்கி, நீர் வேண்டும் என்னும் உணர்வை எழுப்புகின்றன. ஆகவே கடல்நீர் தாகத்தைத் தணியாது விடுவதோடு நிற்கவில்லை. தாகத்தை உண்டாக்கும் காரணத்தையே மிகுவிக்கின்றது. நாவும் தொண்டையும் நனைந்ததாற் கணப்பொழுது ஆறுதல் தோன்றும். சிறிது நேரத்தில் முன்னிலும் கொடிய தாகம் எழும். பின்னரும் பருகினால் மூளையின் கலங்கள் மேலும் நீரிழந்து, தடுமாற்றம், பிதற்றல், வலிப்பு, மயக்கம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றலாம்.

மிகுந்த உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடாதா என்று ஒருவர் வினவலாம். வெளியேற்றவே முயலும், ஆனால் உப்பைத் தனியே வெளியேற்ற அதனால் முடியாது, நீரிற் கரைத்தே வெளியேற்ற வேண்டும். மனிதரின் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் ஒரு லீற்றர் சிறுநீரில் ஏறத்தாழ இருபது கிராம் உப்பையே அடக்க வல்லது. யூரியா முதலிய கழிவுகளுக்கும் அதே சிறுநீரில் இடம் வேண்டும் என்பது நினைவிருக்க வேண்டும்.

இப்போது கணக்கு எளிது. ஒரு லீற்றர் கடல்நீரோடு உட்சென்ற உப்பு முப்பத்தைந்து கிராம். லீற்றருக்கு இருபது கிராம் வீதம் அதனை வெளியேற்ற ஒன்றே முக்கால் லீற்றர் சிறுநீர் வேண்டும். வரவு ஒரு லீற்றர்; செலவு ஒன்றே முக்கால் லீற்றர். குறையும் முக்கால் லீற்றரை உடல் தன் கலங்களிலிருந்தே கொடுக்க வேண்டும். ஒரு ரூபா கடன் வாங்கி, அதற்கு ஒன்றே முக்கால் ரூபா திருப்பிக் கொடுப்பவன் நிலை இது. மேலும் மேலும் வாங்கினால் முதலும் அழியும்.

இருக்கும் நன்னீரோடு கடல்நீரைக் கலந்து பெருக்கிக்கொள்ளலாமே எனின், அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் நன்னீரும் ஒரு லீற்றர் கடல்நீரும் சேர்ந்தால் இரண்டு லீற்றர். அதிலுள்ள உப்போ அதே முப்பத்தைந்து கிராம். அதனைக் கழிக்க ஒன்றே முக்கால் லீற்றர் போய்விட்டால், எஞ்சுவது கால் லீற்றர். கலவாமல் நன்னீரை மட்டும் பருகியிருந்தால் அந்த ஒரு லீற்றர் முழுவதும் உடலுக்கு உதவியிருக்கும். பெருக்க எண்ணியவன் முக்கால் லீற்றரை இழந்தான்.

இதற்கு மாறான கருத்துக் கொண்டவர்களும் இருந்தனர். அலேன் பொம்பார் என்னும் பிரான்சு நாட்டு மருத்துவர் 1952 ஆம் ஆண்டிற் கனேரித் தீவுகளிலிருந்து ஒரு சிறு இறப்பர்ப் படகிற் புறப்பட்டு, அறுபத்தைந்து நாட்களில் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து பாபடோசுத் தீவை அடைந்தார். உடல் வறளுமுன்னரே தொடங்கி, சிறிது சிறிதாகக் கடல்நீரைப் பருகியும், மீன்களைப் பிழிந்து சாறு எடுத்தும் உயிர் தரித்ததாக அவர் கூறினார். ஆனால் அவருக்கு வழியில் மழைநீரும் கிடைத்தது. மீனின் சதையிலுள்ள சாறு கடல்நீரைப் போல உப்புடையது அன்று. எனவே அவரைக் காத்தது கடல்நீர் எனல் பொருந்தாது. கடல்நீர் செய்த கேட்டை மழையும் மீனும் ஈடுசெய்தன எனலே பொருத்தம். கரை சேர்ந்தபோது அவர் எடையில் இருபத்தைந்து கிலோகிராம் குறைந்து, குருதிச் சோகையும் உற்றிருந்தார். பின்னர் 1955 ஆம் ஆண்டிலும் 1956 ஆம் ஆண்டிலும் அதே சமுத்திரத்தைச் சிறு படகுகளிற் கடந்த ஜெர்மன் மருத்துவர் ஹான்னெஸ் லிண்டெமன், கடல்நீரைப் பருகலாகாது என்றே வற்புறுத்தினார்.

அப்படியாயின் கடலில் வாழும் உயிர்கள் எங்ஙனம் வாழ்கின்றன? கடல் மீன்களிற் பெரும்பாலானவை கடல்நீரையே குடிக்கின்றன. அவற்றின் பூக்களில் உள்ள தனிக் கலங்கள் மிகுந்த உப்பை நேரே கடலுக்குள் வெளியேற்றிவிடுவன. கடற்பறவைகளுக்குக் கண்களின் மேற்புறத்தில் உப்புச் சுரப்பிகள் உள்ளன. கடல்நீரிலும் செறிந்த உப்புநீர் அவற்றின் மூக்கு வழியாகத் துளித்துளியாக வடியும். இவை பிரசாரண நியதியை மீறவில்லை. உட்சென்ற உப்பைக் குறைந்த நீர்ச் செலவிற் கழிக்கும் உறுப்பைப் பெற்றுள்ளன. மனிதருக்கு அவ்வுறுப்பு இல்லை.

உறுப்பு இல்லாத மனிதர் அதற்கு ஈடாகப் பொறியை அமைத்துக்கொண்டனர். தூய நீருக்கும் கடல்நீருக்கும் இடையே தகுந்த சவ்வு ஒன்றை வைத்தால், நீர் கடல்நீர்ப் பக்கத்துக்கே செல்லும். அச்செலவைத் தடுத்து நிறுத்துவதற்குக் கடல்நீரின்மேல் வளிமண்டல அமுக்கத்தின் இருபத்தைந்து மடங்குக்கும் மேலான அமுக்கத்தைச் செலுத்த வேண்டும். அதனிலும் மிகுதியாகச் செலுத்தினால் நீர் எதிர்த் திசையிற் செல்லத் தொடங்கும். உப்புப் பின்தங்க, நன்னீர் சவ்வைக் கடந்து வரும். இதற்கு எதிர்ப் பிரசாரணம் என்று பெயர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடியில் 2024 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் இம்முறையிலேயே இயங்குவது. அவ்வளவு அமுக்கத்தை உண்டாக்க மின்வலு மிகுதியாக வேண்டும். இயற்கை நியதிக்கு எதிராக நீரைச் செலுத்துவதற்குக் கொடுக்கும் விலை அது.

கடற்றொழிலுக்குச் செல்வோர் இந்நியதியிலிருந்து கொள்ளத்தக்க முடிவுகள் சில உள. படகு பழுதுற்று மிதக்க நேர்ந்தால் கடல்நீரைத் துளியும் பருகலாகாது. நன்னீரோடு கலந்தும் பருகலாகாது. ஆனால் வெளியிலிருந்து உடலைக் குளிர்விக்க அது உதவும். பகல் வெயிலில் ஆடையைக் கடல்நீரில் நனைத்து உடுத்திருந்தால், அந்நீர் ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். வியர்வையாகக் கழிய வேண்டிய நன்னீர் உடலிலே மிஞ்சும். பாயை நிழலாகக் கட்டுவதும், மழை வந்தால் அதே பாயில் நீரேந்துவதும் பயன் தருவன. பாயில் முன்னரே உலர்ந்து படிந்த உப்பை முதல் மழையிற் கழுவிவிட்டு, அதன் பின் விழும் நீரையே சேர்த்தல் வேண்டும். சேர்த்த நீரை நாவில் இட்டுப் பார்த்து, கரிப்பு நீங்கியதை அறிந்த பின்னரே கலத்தில் நிரப்புதல் நன்று.